‘லிங்க் பயோவில்’: நீண்ட கட்டுரையைக் கேப்ஷனாக்குவது எப்படி?

இன்ஸ்டாகிராமில் படத்துக்குக் கீழே எழுதும் கேப்ஷனில் இணைய முகவரியை ஒட்டினால் அது வெறும் எழுத்தாகவே நிற்கும். தட்டினால் எங்கும் போகாது. ஸ்டோரியில் மட்டும் 2021 அக்டோபரிலிருந்து எல்லோரும் இணைப்பு ஸ்டிக்கர் வைக்கலாம். அதற்கு முன் அந்த வசதி பெரும்பாலும் 10,000 பேருக்கு மேல் பின்தொடரும் கணக்குகளுக்கே கிடைத்தது. ஆனால் ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். மறையாமல் பக்கத்தில் தங்கும் பதிவைப் படித்தவர் வெளியே ஒரு கட்டுரைக்குப் போக வேண்டுமானால், கணக்கின் முகப்பில் இருக்கும் பயோ வழியாகத்தான் போக வேண்டும். ‘லிங்க் பயோவில்’ என்ற வாசகம் எங்கே பார்த்தாலும் தென்படுவது இதனால்தான்.

நாம் எழுதும்போது அந்த இரண்டு சொல்லைக் கடைசியில் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறோம். படிப்பவர் பக்கம் நின்று பார்த்தால் வேலை அங்கேதான் தொடங்குகிறது. அவர் விரலால் தள்ளிக்கொண்டே வந்து நம் படத்தில் நிற்க வேண்டும். கேப்ஷனின் முதல் வரியைப் படிக்க வேண்டும். ‘மேலும்’ என்பதைத் தட்டி மீதியைப் படிக்க வேண்டும். மறுபடி மேலே போய்க் கணக்கின் பெயரைத் தட்ட வேண்டும். முகப்பில் இணைப்பைத் தேடித் தட்ட வேண்டும். பக்கம் திறக்கும்வரை காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் சிலர் திரும்பிவிடுவார்கள். அவ்வளவு தூரம் ஒருவர் நடக்க வேண்டுமானால், அந்தப் பக்கம் தனக்கு வேண்டியது இருக்கிறது என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்திருக்க வேண்டும். கேப்ஷனின் வேலை அந்த நிச்சயத்தைக் கொடுப்பதுதான்.

ஒரு கட்டுரையை எடுத்துக்கொண்டு செய்துபார்ப்போம். புதிய இரும்பு தோசைக்கல்லைப் பழக்குவது பற்றி 1,800 சொல்லில் ஒரு கட்டுரை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். துருப்பிடிக்காமலிருக்க ஆலையில் பூசி அனுப்பும் எண்ணெயையோ மெழுகையோ கழுவி எடுப்பது, வடித்த கஞ்சியில் ஊறவைப்பது, எண்ணெய் தடவிக் காய்ச்சுவது, எந்த எண்ணெய் நல்லது, முதல் சில தோசைகள் ஏன் ஒட்டும், துருப்பிடித்த கல்லை எப்படி மீட்பது, புளியும் தக்காளியும் ஏன் ஆகாது, எப்படி எடுத்துவைப்பது என்று எட்டு பகுதிகள். எழுதியவர் நன்றாகவே எழுதியிருக்கிறார். இதைக் கேப்ஷனாக்க வேண்டும்.

பெரும்பாலானவர்கள் முதலில் செய்வது எட்டு பகுதியையும் ஆளுக்கொரு வரியாகச் சுருக்குவது. ‘புதுக் கல்லை நன்றாகக் கழுவுங்கள். கஞ்சியில் ஊறவையுங்கள். எண்ணெய் தடவிக் காய்ச்சுங்கள். புளி சேர்த்த எதையும் சமைக்காதீர்கள். மேலும் அறிய லிங்க் பயோவில்.’ இதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் ஒவ்வொரு வரியும் படிப்பவருக்கு முன்பே தெரிந்த அளவுக்குத்தான் சொல்கிறது. எப்படி, ஏன் என்று கட்டுரையில் இருந்த சதை முழுவதும் சுருக்கும்போது கழன்றுவிட்டது. படித்தவர், ‘இதுதானே, தெரியும்’ என்று அடுத்த படத்துக்குப் போய்விடுவார். கட்டுரையிலும் இவ்வளவுதான் இருக்கும் என்று அவர் நினைப்பதில் தவறில்லை.

இரண்டாவது வழி எதிர்ப்பக்கம். ‘தோசைக்கல் பழக்கும்போது எல்லோரும் செய்யும் ஒரு தவறு! அது என்ன? தெரிந்துகொள்ள லிங்க் பயோவில்.’ இதைத் தட்டுகிறவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் போனவர் 1,800 சொல்லுக்குள் அந்த ஒரு தவறைத் தேடிக்கொண்டிருப்பார். கிடைத்தாலும் எரிச்சலோடுதான் திரும்புவார். அடுத்த முறை அதே கணக்கு ‘அது என்ன?’ என்று கேட்டால் தாண்டிப் போய்விடுவார். கையில் ஒன்றும் கொடுக்காமல் வாசல்வரை இழுக்கும் எழுத்து எனக்குப் பிடிக்காது. அது படிப்பவரின் நேரத்தை மதிப்பதில்லை. தட்டாமல் போகும் பெரும்பான்மைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

நான் நம்பும் வழி மூன்றாவது. எட்டு பகுதியில் ஒன்றை மட்டும் எடுத்து, அதைக் குறையில்லாமல் முழுசாகக் கொடுத்துவிட வேண்டும். மற்ற ஏழில் எவையெல்லாம் கட்டுரையில் இருக்கின்றன என்று பெயர் சொல்லிக் காட்ட வேண்டும். இணைப்பைத் தட்டாதவரும் ஒரு உருப்படியான விஷயத்தோடு போவார். தட்டுகிறவர் தான் எதைத் தேடிப் போகிறோம் என்று தெரிந்து போவார்.

எந்தப் பகுதியை எடுப்பது என்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. கட்டுரையின் தொடக்கத்தை எடுக்கக் கை தானாகப் போகும். அதை எடுக்காதீர்கள். கட்டுரையின் தொடக்கம், படிக்க உட்கார்ந்துவிட்டவருக்காக எழுதியது. இங்கே ஆள் இன்னும் உட்காரவே இல்லை. கட்டுரை முழுவதையும் ஒருமுறை படித்து, ‘அட, நான் வேறு மாதிரியல்லவா நினைத்திருந்தேன்’ என்று படிப்பவர் சொல்லக்கூடிய இடத்தைத் தேடுங்கள். அது பெரும்பாலும் நடுவில், ஏதாவது ஒரு பத்திக்குள் ஒளிந்திருக்கும். எழுதியவருக்கு அது பழகிப்போனது என்பதால் அதை அவர் தலைப்பாக்கியிருக்க மாட்டார்.

தோசைக்கல் கட்டுரையில் அந்த இடம் ஐந்தாவது பக்கத்து மூலையில் கிடக்கிறது. பழக்கிய பிறகும் கல் பிசுபிசுவென்று இருந்தால் காரணம் எண்ணெய் போதாதது அல்ல, அதிகமானது. அதிகச் சூட்டில் எண்ணெய் வேதிமாற்றம் அடைந்து, இரும்போடு ஒட்டிய கெட்டியான மெல்லிய படலமாகிறது. தோசை ஒட்டாமல் எழும்புவது அந்தப் படலத்தால்தான். பூச்சு தடித்துவிட்டால் அது முழுதாக இறுகாமல் நின்றுவிடும், கையில் ஒட்டும். புதுக் கல் வாங்கிப் பிசுபிசுப்பைப் பார்த்த பலரும் அதன்மேல் இன்னும் கொஞ்சம் எண்ணெயை ஊற்றுவார்கள். ஆகவே இந்தச் செய்தி அவர்கள் செய்யும் காரியத்தையே திருப்பிப்போடுகிறது. கேப்ஷனுக்கு வேண்டியது இதுதான்.

அடுத்தது முதல் வரி. கேப்ஷனில் மொத்தம் 2,200 குறிகள்வரை எழுதலாம். ஆனால் பதிவுகள் ஓடும் திரையில் முதல் இரண்டு வரி அளவுதான் தெரியும், ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் அதை 125 குறிகள் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். மீதி ‘மேலும்’ என்பதற்குள் மடங்கிவிடும். தமிழில் எழுதுகிறவர்கள் இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொண்டால் ஏமாறுவோம். கணினி ‘கி’ என்பதை ககரமும் இகரக் கொக்கியுமாக இரண்டு குறியாக எண்ணும். ‘தமிழ்’ நமக்கு மூன்று எழுத்து, அதற்கு ஐந்து குறி. இதனால் 2,200 குறி என்பது தமிழில் இருநூறு சொல்லைச் சற்றுத் தாண்டினாலே நிரம்பிவிடும். முதல் இரண்டு வரியில் பத்துப் பன்னிரண்டு சொல்லுக்குமேல் நம்ப வேண்டாம். சிறிய திரையில், எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கும் பெரியவர்களின் கைபேசியில், அதுவும் குறையும்.

அந்தப் பத்துச் சொல்லை, ‘வணக்கம் நண்பர்களே, இன்றைய பதிவில் நாம் பார்க்கப்போவது’ என்று கரைத்துவிட்டால் மடிப்புக்கு மேலே ஒன்றுமே மிஞ்சாது. நான் வைக்கும் முதல் வரி இது:

தோசைக்கல் பிசுபிசுக்கிறதா? எண்ணெய் குறைந்ததால் அல்ல, கூடியதால்.

ஆறே சொல். இடைவெளியும் நிறுத்தற்குறியும் சேர்த்து நம் எழுத்துக் கணக்கில் 39, கணினிக் கணக்கில் 63. மடிப்புக்கு மேலேயே அடங்கிவிடும். கேள்வி யாருக்கானது என்று சொல்கிறது, பதிலின் பாதியையும் அங்கேயே கொடுத்துவிடுகிறது. பதிலை ஒளித்து வைக்காவிட்டாலும் ‘மேலும்’ என்பதைத் தட்டுவார்கள். ‘அப்படியானால் எவ்வளவு எண்ணெய்?’ என்ற கேள்வி தானாக எழுந்துவிடுகிறது.

அதற்குக் கீழே கேப்ஷன் இப்படிப் போகும்:

புதுக் கல்லைப் பழக்கும்போது தாராளமாக எண்ணெய் விட்டுக் காய்ச்சுகிறோம். அந்த எண்ணெய் சூட்டில் இறுகிக் கெட்டியான படலமாக வேண்டும். பூச்சு தடித்தால் முழுதாக இறுகாது. பிசுபிசுப்பு அதுதான்.

கழுவி ஈரம் போன கல்லை இளஞ்சூடாக்குங்கள். அரை டீஸ்பூன் எண்ணெயைத் துணியில் தொட்டு எல்லாப் பக்கமும் தேயுங்கள். பிறகு காய்ந்த வேறொரு துணியால், தெரியாமல் தடவிய எண்ணெயை எடுப்பதுபோல் அழுத்தித் துடைத்துவிடுங்கள். கல் வெறுமையாகத் தெரியும். பயப்படாதீர்கள், போதிய எண்ணெய் அதில் இருக்கிறது. ஜன்னலைத் திறந்துவைத்து, மெல்லிய புகை வந்து அடங்கும்வரை காய்ச்சி, தானாக ஆறவிடுங்கள். இப்படி மூன்று நான்கு முறை.

துருப்பிடித்த கல்லை மீட்பது, கஞ்சியில் ஊறவைக்கும் முறை, பழக்கிய கல்லில் புளியும் தக்காளியும் ஏன் ஆகாது என்பதெல்லாம் படங்களோடு கட்டுரையில் இருக்கின்றன. மேலே என் பெயரைத் தட்டி, பயோவில் ‘தோசைக்கல் பழக்குவது’ என்ற இணைப்பைத் திறங்கள்.

இவ்வளவுதான். தொண்ணூறு, நூறு சொல். 2,200 குறிக்கு மிகவும் உள்ளேயே முடிந்துவிட்டது. இடம் மிச்சமிருக்கிறதே என்று இரண்டாவது உத்தி ஒன்றைச் சேர்க்க ஆசை வரும். சேர்த்தால் முதலாவது நீர்த்துப்போகும்.

கடைசிப் பத்தியைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். ‘மேலும் பல பயனுள்ள தகவல்களுக்கு’ என்று அதில் இல்லை. துரு, கஞ்சி, புளி என்று மூன்று பொருள் இருக்கிறது. பரணில் துருப்பிடித்த கல் வைத்திருப்பவர் ‘பல தகவல்’ என்பதைப் பார்த்து எழுந்து வரமாட்டார், ‘துருப்பிடித்த கல்லை மீட்பது’ என்பதைப் பார்த்து வருவார். அந்த மூன்றும் கேப்ஷனில் சொன்னதைச் செய்துமுடித்தவருக்கோ, செய்யமுடியாமல் நின்றவருக்கோ அடுத்து வரக்கூடிய தேவைகள். வழிகாட்டும் வாக்கியத்தில், எங்கே தட்ட வேண்டும், அங்கே என்ன பெயரில் இருக்கும் என்று இரண்டும் இருக்கின்றன. கேப்ஷனில் ஒரு பெயரும் பயோவில் இன்னொரு பெயரும் இருந்தால், வந்தவர் இதுதானா என்று தயங்குவார். கட்டுரையின் அழகான தலைப்பு வேறாக இருந்தாலும் பயோவில் கேப்ஷனில் சொன்ன அதே சொற்களை வையுங்கள்.

பயோவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கேப்ஷனை அருமையாக எழுதிவிட்டுப் பயோவில் தொலைப்பவர்கள் நிறைய. 2023இலிருந்து பயோவில் ஐந்து இணைப்புகள்வரை வைக்க முடிகிறது. ஆனால் ஒன்றுக்கு மேல் வைத்தால் முகப்பில் முதல் இணைப்புதான் தெரியும், மற்றவை ‘இன்னும் இத்தனை’ என்று அதன் பின்னால் மடங்கும். எனவே புதிய கட்டுரை முதலிடத்தில் இருக்க வேண்டும். அடிக்கடி எழுதுகிறவருக்கு ஐந்தும் போதாது. அவர்கள் இணைப்புகளையெல்லாம் ஒரே பக்கத்தில் அடுக்கிக் காட்டும் சேவைகளை நாடுகிறார்கள். 2016இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் தொடங்கிய லிங்க்ட்ரீ அவற்றில் பெயர்பெற்றது. சொந்தமாக வலைத்தளம் இருப்பவர் அதிலேயே இன்ஸ்டாகிராம் வாசகருக்கென்று ஒரு பக்கம் அமைத்து, பதிவில் போட்ட அதே படங்களோடு புதிய கட்டுரை மேலே வருமாறு அடுக்கிவைப்பது இன்னும் நல்லது என்பது என் கருத்து. இடையில் இன்னொருவர் வாசல் வேண்டியதில்லை. யார் எவ்வளவு வந்தார்கள் என்ற கணக்கும் நம் கையிலேயே இருக்கும்.

அந்தக் கணக்குக்கு ஒரு சின்ன ஏற்பாடு செய்துகொள்ளலாம். பயோவில் வைக்கும் முகவரியின் பின்னால் இப்படி ஒரு வால் சேர்க்க வேண்டும்:

```
https://example.com/dosaikal?utm_source=instagram&utm_medium=bio&utm_campaign=dosaikal
```

திறக்கும் பக்கம் அதேதான், மாறாது. ஆனால் வலைத்தளத்தின் வருகைப் பதிவேட்டில், இவர் இன்ஸ்டாகிராம் பயோவிலிருந்து இந்தக் கட்டுரைக்காக வந்தவர் என்று தனியாகத் தெரியும். இந்த வால் இல்லாவிட்டால், செயலிக்குள்ளிருந்து வருகிறவர்களில் பலர் எங்கிருந்து வந்தார்கள் என்றே தெரியாத கூட்டத்தில் கலந்துவிடுவார்கள்.

தொழில்முறைக் கணக்காக மாற்றிக்கொண்டவர்களுக்கு இன்ஸ்டாகிராமே ஒவ்வொரு பதிவுக்கும் சில எண்களைக் காட்டுகிறது. எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் சேமித்தார்கள், அந்தப் பதிவிலிருந்து எத்தனை பேர் முகப்புக்குப் போனார்கள் என்பவை அதில் உண்டு. இணைப்பைத் தட்டியவர்கள் எண்ணிக்கை கணக்கு முழுமைக்குமாகக் கிடைக்கும். பலரும் ‘லைக்’ எண்ணைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அது கேப்ஷனைப் பற்றி எதுவும் சொல்லாது, பெரும்பாலும் படத்துக்கு விழுந்தது. கேப்ஷனைப் பற்றிச் சொல்வது மற்ற எண்களை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கும்போது தெரிவதுதான்.

சேமித்தவர்கள் நிறைய, முகப்புக்குப் போனவர்கள் மிகக் குறைவு என்றால், கேப்ஷனில் முழுச் சாப்பாடும் போட்டாயிற்று. கொடுத்த பகுதி தானாகவே நிறைவடைந்து, அடுத்த தேவையைக் காட்டாமல் நின்றுவிட்டது. கடைசிப் பத்தியில் பெயர் சொன்ன பொருள்களை மாற்றிப் பார்க்க வேண்டும். முகப்புக்குப் போனவர்கள் நிறைய, இணைப்பைத் தட்டியவர்கள் குறைவு என்றால், கேப்ஷன் தன் வேலையைச் செய்துவிட்டது, தவறு பயோவில். பெயர் பொருந்தவில்லை, அல்லது புதிய கட்டுரை மடிப்புக்குள் இருக்கிறது. தட்டியவர்களும் நிறைய, ஆனால் வலைத்தளத்தில் சில நொடிகூட நிற்கவில்லை என்றால் இரண்டு காரணம் இருக்கலாம். பக்கம் திறக்கவே நேரமாகிறது, அல்லது கேப்ஷனில் சொன்ன பொருள் கட்டுரையில் கண்ணுக்கு உடனே படவில்லை. தோசைக்கல் கட்டுரையில் துருவைப் பற்றிய பகுதி ஆறாவதாக வருகிறது. கேப்ஷன் அதைச் சொல்லித்தான் ஆளை அழைத்தது. அப்படியானால் கட்டுரையின் உச்சியில் உள்தலைப்புகளின் பட்டியலைப் போட்டு, துருப் பகுதிக்கு நேராகக் குதிக்க வழி செய்துவிட வேண்டும். கேப்ஷன் எழுதும்போது கட்டுரையையும் கொஞ்சம் திருத்த நேர்வது சகஜம். அதை யாரும் குறையாக நினைக்க வேண்டியதில்லை.

பதிவின் கமென்டுகளும் ஒரு அளவுகோல்தான். ‘எவ்வளவு எண்ணெய்?’ என்று நாலு பேர் கேட்டிருந்தால், முழுசாகக் கொடுத்ததாக நாம் நினைத்த பகுதியில் ஓட்டை இருக்கிறது என்று பொருள். ‘லிங்க் எங்கே?’ என்று கேட்டிருந்தால் வழிகாட்டும் வாக்கியம் தெளிவாக இல்லை. கேட்டவருக்குப் பதில் எழுதுவதோடு நிறுத்தாமல் கேப்ஷனையே திருத்துங்கள். வெளியிட்ட பிறகும் திருத்தலாம், படத்தை எடுத்துவிட்டு மறுபடி போட வேண்டியதில்லை.

ரீல்ஸுக்கு எழுதும்போது இதே முறைதான், ஆனால் அங்கே கேப்ஷன் இன்னும் சுருங்கித் தெரியும். வழிகாட்டுவதை வாயாலும் சொல்லிவிடுவது நல்லது. பல படங்களை அடுக்கிப் போடும் பதிவானால் கடைசிப் படத்திலேயே இணைப்பின் பெயரை எழுதிவைக்கலாம். அங்கேவரை புரட்டி வந்தவர் ஏற்கெனவே ஆர்வமானவர்.

எல்லோரும் கோட்டைவிடும் ஒன்று பழைய பதிவுகள். மூன்று மாதத்துக்கு முன்பு போட்ட தோசைக்கல் பதிவு இன்றும் யாருக்காவது கண்ணில் படும். அவர் ஆசையாகப் பயோவைத் திறந்தால் அங்கே ஆவக்காய் ஊறுகாய்க் கட்டுரை இருக்கும். அவரைப் பொறுத்தவரை நாம் சொன்னது நடக்கவில்லை. இதற்காகத்தான் பழைய கட்டுரைகளும் இருக்கும் ஒரு பக்கத்தைப் பயோவில் நிலையாக வைத்திருப்பது. அது முடியாதென்றால், பழைய கேப்ஷனில் ‘பயோவில் உள்ள இணைப்பு’ என்ற வரியை, ‘எங்கள் வலைத்தளத்தில் தோசைக்கல் என்று தேடுங்கள்’ என்று மாற்றிவிடலாம். இன்றைக்கு உங்கள் கணக்கில் மூன்று மாதம் பழைய பதிவு ஒன்றை, வீட்டில் வேறொருவர் கைபேசியில் திறந்து, கேப்ஷன் சொல்லும் வழியிலேயே தட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். கட்டுரைக்குப் போய்ச் சேரவில்லையென்றால் புதிய பதிவு எழுதுவதற்கு முன் அந்த வரியைத் திருத்துங்கள்.